அப்பரும் பிள்ளையாரும் எதிர்ப்பட்டபோது

(அண்ணாமலை நகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பண்டிதன் அல்லன். தென்னார்க்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் வருவாய்த்துறையில் கீழ்ப்படியில் சேர்ந்து, 1993ஆம் ஆண்டில் அது கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் இரண்டான பிறகும் அதே கோப்புக்களைப் புரட்டிக்கொண்டிருந்து, கடைசியில் துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன். ஆகையால் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைச் சாஸ்திரத்திலிருந்து தொடங்காமல், நான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது எங்கள் அலுவலகத்துக்குப் புதிய சார் ஆட்சியர் வந்தார்; இருபத்தேழு வயதுப் பெண். மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வை இருபத்தொரு வயதிலேயே எழுதலாம் என்பதால், முப்பது வயதுக்குள் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வது அபூர்வமன்று. அதற்குக் கீழே உள்ள வட்டாட்சியரின் நாற்காலிக்கு வருவதற்கே எங்களைப் போன்றவர்களுக்குத் தலை நரைத்துவிடும். பொறுப்பேற்ற அன்று, வழக்கம்போல நாங்கள் ஒவ்வொருவரும் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. பழத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளத்தில் உண்மையாகவே சுரந்த வாஞ்சையோடு, “வாங்கம்மா, எங்க மூத்த பொண்ணு வயசுதான் உங்களுக்கும், தைரியமா இருங்க, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்” என்றேன். அவர் முகத்தில் புன்னகை இருந்தபடியே இருந்தது; கண்கள் மட்டும் மேசையை நோக்கித் தாழ்ந்தன. “நன்றி சார்” என்று பழத்தை வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அதன்பின் ஒரு மாத காலம், வாய்மொழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய சந்தேகங்களெல்லாம் என் கோப்புக்களின் ஓரத்தில் பச்சை மையில் எழுத்து வடிவமாகவே வந்துகொண்டிருந்தன.

அப்போது எனக்கு மனவருத்தந்தான். அன்பாகச் சொன்னதற்கு இதுவா பிரதிபலன் என்று வீட்டில் புலம்பினேன். பழத்தோடு வரிசையில் என் பின்னே நின்ற கிராம நிர்வாக அலுவலர்கள் எட்டுப் பேரையும், வாசலில் மனுவோடு காத்திருந்த இரண்டு விவசாயிகளையும் நான் எண்ணிப்பார்க்கவில்லை. புதிதாக வந்திருக்கும் அதிகாரியின் வாக்குச் செல்லுமா, பழைய ஆட்களின் வாக்குச் செல்லுமா என்று அறியவே காத்திருந்த பத்து ஜோடிக் காதுகளில், ‘நாங்க பாத்துக்கறோம்’ என்ற என் வாஞ்சை என்னவாய் விழுந்திருக்கும்? அவரை நாற்காலியில் உட்காரவைத்த அதே மூச்சில் நாற்காலியை நான் பின்னுக்கு இழுத்துவிட்டேன். மகளைப் போன்றவர் என்று சொன்னதில் பொய் இல்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு அங்கே அதிகாரம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான பிழையை எங்கள் தஃபேதார் செய்தார். ஓய்வுபெற இரண்டு வருஷமே பாக்கியிருந்த அந்தப் பெரியவர், அம்மையாரின் வண்டி வாயிலில் நுழைந்தவுடன் ஓடிவந்து கதவைத் திறந்து, இடுப்பு மடிய வளைந்து நிற்பார். மூன்றாம் நாள் அம்மையார், “ஐயா, நீங்க கதவைத் திறக்க வேண்டாம்” என்று மெல்லச் சொல்லிவிட்டார். பெரியவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை; தன் உத்தியோகத்தையே பறித்துவிட்டாற்போல அவருக்கு இருந்தது. ஆனால் அம்மையாரின் நிலையிலிருந்து பாருங்கள்: தகப்பனார் வயதுள்ள ஒருவர் தெருவே பார்க்க வளைந்து நிற்கும்போது, அந்த வளைவு பார்ப்பவர் கண்ணுக்கு அவர் விநயத்தைக் காட்டுவதைக் காட்டிலும் இவர் கொடுமையையே அதிகமாகக் காட்டும். தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டாமல் சிலர் முன்னே நிற்கக்கூடாது என்றிருந்த காலத்தை மறக்காத இந்த நாட்டிலே, வளைந்த முதுகு வெறும் முதுகாக ஒருபோதும் இருப்பதில்லை.

ஆக, நான் என் வயதை நீட்டினேன். தஃபேதார் தம் வயதை அடியோடு ஒளித்தார். இரண்டிலும் சங்கடப்பட்டவர் இளையவரே. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று பல நாள் யோசித்தபோதுதான், சிறு வயது முதல் கோயில் மண்டபங்களில் கதாகாலட்சேபமாகக் கேட்டு, கேட்டதனாலேயே கவனியாமல் விட்டுவிட்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அது நடந்த இடம் இங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரந்தான். அதைப் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தம் காவியத்தை இயற்றி அரங்கேற்றியதோ இதே தில்லையின் ஆயிரக்கால் மண்டபத்தில். பாடி முடித்தவரை யானைமேல் ஏற்றி, அநபாயச் சோழன் தானே பின்னிருந்து கவரி வீசினான் என்பது மரபு. யார் யாருக்கு எந்த இடத்தில் எப்படி மரியாதை செய்தார்கள் என்பதைப் பற்றி அந்தக் கவிக்கு நுட்பமான பார்வை இருந்ததில் ஆச்சரியமில்லை.

பண்ணுருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் சமணத் துறவிகளுக்குத் தலைவராக இருந்து, சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பி, மீண்டும் சைவரான திருநாவுக்கரசர், பல தலங்களையும் கண்டு தில்லைக்கு வந்திருந்த சமயத்தில், சீகாழியிலே ஒரு சிறு பிள்ளை அம்மையின் ஞானப்பாலை உண்டு பாடத் தொடங்கியிருக்கிறார் என்ற செய்தியைக் கேட்கிறார். சேக்கிழார் அந்தப் பிள்ளையைப் ‘பிள்ளையார்’ என்றே குறிப்பார். நாவுக்கரசரை ‘அரசு’ என்பார். கொள்ளிடத்தைக் கடந்து அரசர் சீகாழிக்குப் புறப்படுகிறார். செய்தி எட்டிய பிள்ளையாரோ தம் இடத்திலேயே இருந்து வரவேற்காமல், அடியார் கூட்டத்தோடு எதிர்கொள்ள வெளியே வருகிறார். கூட்டத்தினிடையே புகுந்து வந்த முதியவர், பிள்ளையின் அடியில் விழுகிறார். விழுந்தவருடைய கைகளைப் பிள்ளை பற்றுகிறது, எடுக்கிறது, தானும் வணங்குகிறது, “அப்பரே” என்கிறது. அவர் “அடியேன்” என்கிறார். காட்சி அவ்வளவே. சேக்கிழாருக்கு இதற்கு ஒரு செய்யுளே போதுமாக இருந்தது.

இதைச் சற்று மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். முதலில் நகர்ந்தவர் யார்? இருவருமே. முதியவர் சீகாழி வரையில் வந்தார். இளையவர் ஊர் எல்லை வரையில் வந்தார். ஒருவர் இருந்த இடத்திலேயே இருந்து மற்றவரை வரச்செய்யவில்லை. பிறகு முதியவர் எதை மதித்தார்? பிள்ளையின் ஸ்தானத்தை. தம் வயதை அவர் குறிப்பிடவேயில்லை. இளையவர் எதை மதித்தார்? முதியவரின் வயதை. தம் ஞானத்தை அவர் குறிப்பிடவேயில்லை. அதாவது, தமக்கு உரிய அளவுகோலைத் தாமே எடுத்து நீட்டாமல், ஒவ்வொருவரும் மற்றவருடைய அளவுகோலைக் கையில் எடுத்து அளந்து கொடுத்தார்கள். நான் அந்த அம்மையாருக்குச் செய்தது இதற்குத் தலைகீழ்: என் அளவுகோலால் அவரை அளந்தேன். ‘மகள் வயது’ என்ற சொல்லை அவர் சொல்லியிருந்தால் அது எனக்குக் கௌரவம். நான் சொன்னதனால் அது அவருக்குக் குறைவு.

இதைவிட நுட்பமானது நேரம். முதியவர் விழுந்ததற்கும் பிள்ளை கையைப் பற்றியதற்கும் நடுவில் சேக்கிழார் ஓர் அடைமொழிக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அதிகாரம் குடிபுகும். நீங்கள் கைகூப்பி நிற்க, எதிரே இருப்பவர் காகிதத்தைப் படித்து முடித்து, பேனாவை மூடி, பிறகு நிமிர்ந்து பதில் வணக்கம் சொல்வாரானால், அந்த நான்கு விநாடிக்குள் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. பின்னால் வரும் “வாங்க, உட்காருங்க” என்பதெல்லாம் அதன்மேல் பூசிய சந்தனந்தான். உட்கார்ந்தபடியே எலுமிச்சம்பழத்தை வாங்குவதும் அவ்விதமே. கொடுப்பவர் வலக்கையில் பழத்தை ஏந்தி இடக்கையால் அதைத் தாங்கி நீட்டுகிறார். வாங்குபவர் எழுந்து இரு கைகளாலும் பெற்றால் இருவர் கைகளும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. ஒற்றைக் கையை நீட்டி வாங்கி மேசைமேல் வைத்தால் அது பழம் அன்று, வரி.

ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதைக் கடந்துபோவது நேர்மையாகாது. நாவுக்கரசர் வேளாளர், பிள்ளையார் அந்தணர். முதியவர் விழுந்தது ஞானத்துக்கா குலத்துக்கா என்று கேட்டவர்கள் உண்டு, கேட்பதில் பிழையுமில்லை. அதே காவியத்தில் திங்களூர் அப்பூதியடிகள் என்ற அந்தணர், முன்பின் பார்த்திராத நாவுக்கரசரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் சூட்டி வைத்திருந்து, அவரை நேரில் கண்டதும் அடியில் விழுகிறார்; அரசரும் எதிரே வணங்குகிறார். விழுபவர் குலம் மாறியும் எதிர்வணக்கம் மாறவில்லை. அந்த எதிர்வணக்கம் இல்லாத இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

வயதும் ஸ்தானமும் முரண்படும் சிக்கலைத் தர்மசாஸ்திரக்காரர்களும் உணர்ந்திருந்தார்கள். மாமன், சிற்றப்பன், மாமனார், யாகம் செய்விக்கும் ருத்விக்கு ஆகியோர் முறையால் மேலானவர்கள், ஆனால் வயதால் நமக்கு இளையவர்களாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் வந்தால் காலைத் தொடவேண்டாம், எழுந்து நின்று ‘இன்னான் நான்’ என்று பெயரைச் சொன்னால் போதும் என்று மனுஸ்மிருதி ஓர் இடைவழி வகுக்கிறது. எழுவது ஸ்தானத்துக்கு, விழாமலிருப்பது வயதுக்கு. அதே புத்தகம் வேறோர் இடத்தில் பத்து வயது அந்தணனை நூறு வயது அரசனுக்குத் தந்தையாக வைக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று பெயர் சொல்லும் விதியையோ இன்றைய அலுவலகத்துக்கும் அப்படியே கொண்டுவரலாம். நான் அன்று, “வணக்கம் அம்மா, நான் இன்னான், நில அளவைப் பிரிவைப் பார்க்கிறேன்” என்று மட்டும் சொல்லியிருந்தால், அவருக்கு வேண்டிய செய்தியும் கிடைத்திருக்கும், எனக்கு வேண்டிய மரியாதையும் நான் கேட்காமலே கிடைத்திருக்கும்.

துறவிகளிடத்தில் இந்தச் சங்கடமே இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பௌத்த பிக்ஷுக்களும் சமண முனிவர்களும் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, தீட்சை பெற்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நேற்று வந்த எழுபது வயதினர், பத்து வருஷத்துக்கு முன் வந்த இருபத்தைந்து வயதினரை வணங்குவது அங்கே தினசரி நடப்பு. நாவுக்கரசர் சமண சங்கத்தில் நெடுங்காலம் இருந்தவர். சீகாழியில் அவருக்குக் கூச்சம் சிறிதும் தோன்றாமைக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாயிருக்கலாமோ என்பது என் ஊகம். சைவப் பெரியோர்கள் மன்னிக்கவேண்டும்.

அழைக்கும் சொல்லுக்கு வருவோம். ஒருவரைப் பன்மையால் குறிப்பது இலக்கணத்தின் வழி அன்று, வழக்கிலே உயர்வு கருதி வந்தது என்று தொல்காப்பியரே ஒதுக்கி வைத்துச் சொல்கிறார். அந்த வழக்கு இன்று நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று ஏணிபோல நிற்கிறது. இளைய அதிகாரியிடம் ‘தாங்கள்’ என்பது அரங்கத்து வசனமாகிவிடும். ‘நீங்கள்’ என்பதில் குறை ஒன்றுமில்லை. ஆபத்து உறவுச் சொல்லில் இருக்கிறது. ‘தம்பி’ என்பதும் ‘பாப்பா’ என்பதும் தெருவில் தேன். மேசைக்கு இப்பால் நின்று சொன்னால், மேலே இருப்பவரைக் குடும்பத்தின் கீழ்ப்படிக்கு இறக்கும். மேலேயிருந்து கீழே வரும் உறவுச் சொல்லோ வேறு வகை. பிள்ளையார் முதியவரை அழைத்த சொல் தந்தை என்னும் உறவுச் சொல். அதனோடு மரியாதை விகுதியும் சேர்ந்து நிற்கிறது. உறவுச் சொல்லை முதலில் எடுக்கும் உரிமை ஸ்தானம் உடையவருக்கே உண்டு என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை. அந்தச் சொல் எவ்வளவு பொருந்திற்று என்றால், மருணீக்கியார் என்று பெற்றோர் இட்ட பெயரும், தருமசேனர் என்று சமணர் இட்ட பெயரும் மறைந்து, ஒரு சிறுவன் கூப்பிட்ட பெயரே இன்று வரையில் ஊரறிந்த பெயராக வழங்குகிறது.

ஆங்கில வழிவந்த ‘சார்’ என்னும் சொல்லைப் பலர் பழிக்கிறார்கள். எனக்கு அதன்மேல் பகை இல்லை. வாத்தியாருக்கும் சார், நடத்துனருக்கும் சார், பேரன் வயது அதிகாரிக்கும் சார். தேய்ந்து தேய்ந்து அதில் உயர்வும் தாழ்வும் போய்விட்டன. அம்மையார் எனக்கு “நன்றி சார்” என்றார் அல்லவா? அவர் “ஐயா” என்று சொல்லவில்லையே என்று அன்று நான் குறைப்பட்டேன். என் வார்த்தையால் புண்பட்ட அந்தக் கணத்தில் அவர் அகப்பட்ட நடுநிலைச் சொல்லைப் பற்றிக்கொண்டார். அது அவர் பெருந்தன்மை என்றே இப்போது தோன்றுகிறது.

இனி, எல்லோரும் கொண்டாடும் திருப்பூந்துருத்திக் காட்சி. பாண்டிநாட்டிலிருந்து பிள்ளையார் முத்துச் சிவிகையில் வருகிறார் என்று அறிந்த அப்பர், எதிர்கொள்ளும் கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் கலந்து, சிவிகை சுமப்பவர்களில் ஒருவராகத் தோள் கொடுக்கிறார். ஊரை நெருங்கியதும் அப்பர் எங்கே இருக்கிறார் என்று பிள்ளையார் கேட்க, சிவிகையின் அடியிலிருந்து பதில் வருகிறது. பிள்ளையார் பதறிக் கீழே குதித்து வணங்கப் போகிறார். அவர் வணங்குவதற்கு முன்னே அப்பர் வணங்கிவிடுகிறார். பக்தியாக இதற்கு ஈடில்லை. ஆனால் உபசாரமாக? சேக்கிழார் பிள்ளையாரின் உள்ளத்துக்குச் சொல்லும் நிலை பதைப்பு, மகிழ்ச்சி அன்று. தெரியாமலே ஒரு முதியவர் தோள்மேல் ஏறிவந்தோம் என்று அறிவது எந்த இளையவருக்கும் தாளக்கூடியதன்று. சீகாழியில் விழுந்தவரை உடனே எடுக்க முடிந்தது. இங்கே எடுப்பதற்குக் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை, எல்லாம் முன்பே நடந்துவிட்டது. எங்கள் தஃபேதாரின் வளைந்த முதுகும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. மறுமொழி சொல்ல இடம் வைக்காத வணக்கம், எவ்வளவு உத்தமமானாலும், எதிராளியைக் கடனாளியாக்கி விடுகிறது. ஆகையால், அலுவலகத்துக்குச் சீகாழிதான் பொருந்தும், பூந்துருத்தி பொருந்தாது என்பது என் கட்சி.

அந்தத் தஃபேதார் விஷயம் பிறகு எப்படியாயிற்று என்று கேட்பீர்கள். அம்மையார் தம் தவற்றையும் தாமே கண்டுகொண்டார். பெரியவரைத் தனியே அழைத்து, “வாசல்ல நீங்க நிமிர்ந்து நின்னா எனக்குக் கௌரவம், கதவை நானே திறந்துக்கறேன், மனுக்காரங்களை வரிசையா நீங்க அனுப்புங்க” என்றார். வளைவை வேண்டாம் என்றவர் அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்தார். முதலில் சொன்னபோது எடுத்துவிட்டு வெறுங்கையோடு விட்டிருந்தார். அதன்பின் அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது பெரியவர் சிவப்புப் பட்டையோடு நேராக நின்று கைகூப்புவார், அவரும் நடந்துகொண்டே அல்ல, ஒரு கணம் நின்று கைகூப்பிவிட்டு உள்ளே போவார். அந்த ஒரு கணத்தை நான் பல நாள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கச்சேரி மேடைக்காரர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். பாடுகிற பையனுக்கு இருபது வயதும் மிருதங்கக்காரருக்கு அறுபது வயதும் இருக்கலாம். நடு இடம் பாடுபவனுக்கே. மேடை ஏறுமுன் திரைக்குப் பின்னால் அவன் பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிடுவான். மேடையில் பெரியவர் அவன் தாளத்துக்கு வாசிப்பார். வயதுக்கு ஓர் இடம், ஸ்தானத்துக்கு ஓர் இடம். என் பெண்ணின் கல்யாணத்துக்கு அம்மையார் வந்திருந்தபோது பந்திப் பாயில் உட்கார்ந்து, என்னை முதன்முதலாக “ஐயா” என்று கூப்பிட்டார். மறுநாள் அலுவலகத்தில் பழையபடி “சார்”. எனக்கு அதில் குறை தோன்றவில்லை.

வணங்கிவிட்ட பிறகு முதியவர் வாய்மூடி இருக்கவேண்டுமா? திருமறைக்காட்டில் பிள்ளையார் மதுரைக்குப் புறப்பட நினைத்தபோது, சமணர்களின் கொடுமையைத் தாம் பட்டு அறிந்த அப்பர், கோள்களும் நன்றாக இல்லை, போகவேண்டாம் என்று வெளிப்படையாகவே தடுத்தார். அடியேன் என்று சொன்ன அதே வாய்தான். பிள்ளையார் அந்த அறிவுரையைப் பழிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. பதிகம் பாடிவிட்டுப் புறப்பட்டார். அப்பரும் அதைத் தமக்கு இழைத்த அவமானமாக எண்ணவில்லை. வணக்கம் சரியாக அமைந்திருந்தால் அபிப்பிராய பேதம் அதை ஒன்றும் செய்வதில்லை. எங்கள் அலுவலகத்திலோ, “அம்மா, அந்தக் குளத்துப் புறம்போக்கை இப்போது அளக்க வேண்டாம், அறுவடை முடியட்டும்” என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதல் நாள் வணக்கத்தை நான் கெடுத்துக்கொண்டதுதான் காரணம்.

வரவேற்புக்கு இருக்கும் அக்கறை விடைகொடுப்பதற்கு நம்மிடம் இல்லை. அதிலும் அதே சிக்கல் உண்டு, யார் முதலில் திரும்புவது என்று. சீகாழியில் பிள்ளையார், அப்பரைத் தோணியப்பர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, பிறகு தம் மனைக்கே கூட்டிப்போய் அமுது செய்வித்து, சில நாள் உடனிருத்திக்கொண்டார். அப்பர் மற்றத் தலங்களுக்குப் புறப்பட்டபோது, வீட்டு வாசலோடு நின்றுவிடாமல், பக்கத்திலுள்ள திருக்கோலக்கா வரையில் தாமும் உடன் நடந்தார். அங்கே இருவரும் சேர்ந்து வழிபட்டார்கள். அதன்பின் பிள்ளையார் ஊருக்குத் திரும்பினார். அப்பர் தம் வழியே போனார்.